விளம்பரப் படத்தில் கோப்பை மட்டும் தப்பாக வந்திருக்கிறது, மற்றதைத் தொடாமல் எப்படிச் சரிசெய்வது?

நள்ளிரவுவேலை

வணக்கம். மேசை விளக்குக்கு ஒரு விளம்பரப் படம் செய்து கொடுத்தேன். எஸ்டிஎக்ஸ்எல் மாடலில் 1344×768 அளவில் உருவாக்கி, இரண்டு மடங்கு பெரிதாக்கி 2688×1536 ஆக அனுப்பினேன். இடப்பக்கம் விளக்கு, வலப்பக்கம் புத்தகம் படிக்கும் பெண், இடையில் பளபளப்பான மர மேசை மேல் ஒரு வெள்ளைக் கோப்பை. வாடிக்கையாளருக்கு எல்லாமே பிடித்துவிட்டது, அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு துளி கூட மாறக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கோப்பைக்கு இரண்டு கைப்பிடி. இடப்பக்கப் பிடி சரியாக இருக்கிறது, வலப்பக்கம் இன்னொன்று முளைத்துப் புத்தக ஓரத்தோடு கரைந்து போகிறது. ஒப்புதல் வந்த பிறகுதான் ஒருவர் கண்ணில் பட்டது.

முதலில் அதே சீடில் ப்ராம்ப்டை மட்டும் மாற்றிப் பார்த்தேன், முகமே வேறாகிவிட்டது. அப்புறம் ஆட்டோமேட்டிக்1111-இல் இன்பெயின்ட் போனேன். கோப்பையைச் சுற்றி மாஸ்க் போட்டு டினாய்சிங் 0.75-இல் ஓட்டினால் அதே இடத்தில் அதே பிடி திரும்ப வருகிறது. 1.0 வைத்தால் கோப்பையே கிண்ணமாகிவிடுகிறது, அதுவும் வலப்பக்கமிருந்து வெளிச்சம் விழுவது போல. நாளைக்குள் கொடுக்க வேண்டும். எங்கே தவறு செய்கிறேன்?

பிக்சல்பித்து

இதற்கு இன்பெயின்டிங்கே தேவையில்லை நண்பா. அதே சீட், அதே செட்டிங், நெகட்டிவ் ப்ராம்ப்டில் இரண்டு பிடி என்று சேர்த்தால் போதும், படம் அப்படியே வரும், பிடி மட்டும் போய்விடும். எனக்குப் பல தடவை வந்திருக்கிறது. இன்பெயின்டிங்தான் வேண்டும் என்றால் டினாய்சிங்கை எப்போதும் 1-இல் வையுங்கள், அதற்குக் குறைத்தால் பழைய பொருள் உள்ளே தங்கிவிடும்.

வண்ணமதி

பிக்சல்பித்து, நீங்கள் சொன்னதில் பாதி சரி. குறைத்தால் பழையது தங்கும் என்பது உண்மை, அதை வைத்துத்தான் கீழே வேலையே செய்யப் போகிறோம். ஆனால் சீட் என்பது தொடக்க இரைச்சலை மட்டும்தான் நிலைப்படுத்தும். ப்ராம்ப்டில் ஒரு சொல் மாறினாலும், அது நெகட்டிவில் இருந்தாலும், அந்த இரைச்சல் முதல் படியிலிருந்தே வேறு பக்கம் இழுக்கப்படும். சில படங்களில் மாற்றம் சிறிதாகத் தெரியும், உங்களுக்கு வாய்த்தவை அப்படிப்பட்டவையாக இருக்கலாம். "முகம் மாறக் கூடாது" என்ற நிபந்தனை உள்ள வேலையில் அதை நம்ப முடியாது, நள்ளிரவுவேலைக்கு நடந்ததும் அதுதான்.

நள்ளிரவுவேலை, உங்கள் செட்டிங்கை அப்படியே இங்கே போடுங்கள். ப்ராம்ப்ட் என்ன கொடுத்தீர்கள், `Only masked` வைத்தீர்களா, பேடிங் எவ்வளவு? இன்னொன்று, வந்த தப்பான படங்களில் கோப்பைக்குள் ஏதாவது விசித்திரமாகத் தெரிந்ததா?

நள்ளிரவுவேலை

அக்கா, செட்டிங் இதோ:

```
Masked content: original
Inpaint area: Only masked
Only masked padding, pixels: 32
Mask blur: 4
Denoising strength: 0.75
Width x Height: 1024 x 1024
```

ப்ராம்ப்ட் முழு விளம்பரத்துக்கும் போட்ட அதே ப்ராம்ப்ட்தான். விளக்கு வெளிச்சத்தில் பெண் புத்தகம் படிப்பது, மர மேசை, இதமான ஒளி, இப்படி. விசித்திரமாக என்று கேட்டீர்கள் இல்லையா, 0.9-இல் வந்த ஒன்றில் கோப்பையின் மேல் ஒரு சின்னப் பெண் முகம் ஓவியம் போல வந்திருந்தது. அது எப்படி உங்களுக்குத் தெரிந்தது?

வண்ணமதி

முழுப் ப்ராம்ப்ட் கொடுத்திருப்பீர்கள் என்று சந்தேகப்பட்டேன், அதனால்தான் கேட்டேன். `Only masked` வைத்தால் மாடல் உங்கள் முழுப் படத்தைப் பார்ப்பதே இல்லை. மாஸ்க்கைச் சுற்றி ஒரு பெட்டி வெட்டி, அந்தப் பெட்டியை 1024 அளவுக்குப் பெரிதாக்கி, அதை ஒரு தனிப் படமாக வைத்து வேலை செய்து, திரும்பச் சுருக்கி ஒட்டுகிறது. மாடல் கண்ணுக்கு முன்னால் இருப்பது ஒரு கோப்பையும் கொஞ்சம் மேசையும்தான். அங்கே போய் "பெண் புத்தகம் படிக்கிறாள்" என்று சொன்னால், அந்தப் பெண்ணை அது எங்கே வைக்கும்? கோப்பை மேல்தான் வைக்கும். ஆகவே ப்ராம்ப்டை வெட்டிய பெட்டிக்குள் தெரிவதற்கு மட்டும் எழுதுங்கள். பளபளப்பான மர மேசை மேல் வெள்ளைப் பீங்கான் கோப்பை, இடப்பக்கம் ஒரே பிடி, இடமிருந்து இதமான வெளிச்சம். அவ்வளவு போதும்.

வெளிச்சம் வலப்பக்கமிருந்து வந்ததற்கும் காரணம் அந்தப் பெட்டிதான். 32 பேடிங்கில் விளக்கு உள்ளே வரவேயில்லை, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று மாடலுக்குத் தெரிய வழியில்லை. 0.75-இல் பழைய கோப்பையின் நிழல்கூறுகள் மிச்சமிருந்து வழிகாட்டின, 1.0-இல் அதுவும் அழிந்ததால் ஊகித்துப் போட்டுவிட்டது.

பேடிங்கைக் கூட்டினால் சரியாகுமா என்றால், ஆகும், ஆனால் விலை உண்டு. உங்கள் மாஸ்க் சுமார் 300×340 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். 32 பேடிங்கில் பெட்டி ஏறக்குறைய 404 பிக்சல் சதுரம், அது 1024 ஆகும்போது இரண்டரை மடங்கு பெரிதாகிறது. 160 பேடிங் வைத்தால் பெட்டி 660, ஒன்றரை மடங்குதான். இது ஏன் முக்கியம் என்றால், மாடல் பிக்சலில் வரைவதில்லை. 8×8 பிக்சலை ஒரு கட்டமாகச் சுருக்கி வைத்துத்தான் வரைகிறது. உங்கள் முதல் படத்தில், அதாவது 1344 அகலத்தில், அந்தப் பிடி பத்துப் பன்னிரண்டு பிக்சல் தடிமன் இருந்திருக்கும். ஒன்றரைக் கட்டம். ஒன்றரைக் கட்டத்தில் பிடிக்கும் புத்தக ஓரத்துக்கும் வித்தியாசம் காட்ட முடியாது, அதனால்தான் இரண்டும் கரைந்து ஒட்டிக்கொண்டன. பெட்டியைப் பெரிதாக்கி வரையும்போது அதே பிடிக்கு ஐந்து முதல் எட்டுக் கட்டம் கிடைக்கிறது, உருவம் நிற்கிறது. சூழலும் தெரிய வேண்டும், கட்டமும் போதுமான அளவு வேண்டும்.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. விளக்கின் அடிப்பகுதி பக்கத்தில், ஒன்றுமில்லாத மேசைப் பரப்பில், மாஸ்க் தூரிகையால் ஒரே ஒரு சின்னப் புள்ளி வையுங்கள். பெட்டி எல்லா மாஸ்க்கையும் உள்ளடக்க வேண்டும் என்பதால் இடப்பக்கம் மட்டும் நீளும். கோப்பையிலிருந்து 250 பிக்சல் தள்ளி வைத்தால் பேடிங்கோடு சேர்த்துப் பெட்டி சுமார் 614×404. சதுரமாக விடாமல் அகலம் 1216, உயரம் 832 என்று மாற்றுங்கள், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கிடைத்துவிடும். புள்ளி இருக்கும் இடமும் திரும்ப வரையப்படும் என்பதால் அதை விளக்கின் மேலோ எழுத்தின் மேலோ வைக்காதீர்கள்.

கடைசியாக, பிடி திரும்பத் திரும்ப வருவதற்கு மருந்து. மாடலிடம் "பிடியை எடு" என்று கெஞ்சுவதை விட நீங்களே எடுத்துவிடுங்கள். படத்தை ஏதாவது எடிட்டரில் திறந்து, குளோன் தூரிகையால் பக்கத்து மேசை மரத்தை எடுத்து அந்தப் பிடி மேல் பூசுங்கள், கோப்பையின் வலது ஓரத்தை ஒரே இழுப்பில் வெள்ளையாக வரையுங்கள். அசிங்கமாக இருந்தால் பரவாயில்லை. அதை உள்ளே போட்டு 0.45 அல்லது 0.5-இல் ஓட்டுங்கள், எட்டுப் படம் எடுத்து நல்லதைத் தேர்ந்தெடுங்கள். பழையது தங்கும் என்றாரே பிக்சல்பித்து, இப்போது தங்கப்போகிற பழையது நீங்கள் பூசியது.

லேபிள்_கவலை

நல்ல இழை. எனக்கும் இதே பிரச்சினை, என் படத்தில் பாட்டில் லேபிளில் எழுத்து கோணலாக வருகிறது, நாற்பது தடவை இன்பெயின்ட் பண்ணிவிட்டேன், ஒவ்வொரு தடவையும் வேறொரு எழுத்து கெடுகிறது. பேடிங்கை எவ்வளவு வைக்கலாம்?

வண்ணமதி

அது வேறு பிரச்சினைங்க, பேடிங்கால் தீராது. லேபிளை வரைய விடாதீர்கள். இன்பெயின்டில் லேபிள் பரப்பை எழுத்தே இல்லாத வெற்றுத் தாளாக மாற்றிக்கொள்ளுங்கள், சுருக்கமும் பளபளப்பும் மட்டும் இருக்கட்டும். உண்மையான லேபிள் டிசைனைத் தனி லேயராகப் போட்டு, பாட்டிலின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, மல்டிப்ளை மோடில் வைத்தால் அடியில் உள்ள நிழல் மேலே தெரியும். நிறுவனத்தின் பெயரும் அளவும் எழுத்து மாறாமல் இருக்க வேண்டிய விஷயங்கள், அவற்றை மாடலின் ஊகத்துக்கு விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

லேபிள்_கவலை

பாட்டில் கருப்பு நிறம். மல்டிப்ளையில் வெள்ளை எழுத்து காணாமல் போகிறதே?

வண்ணமதி

ஆமாம், கருப்புக்கு மல்டிப்ளை உதவாது, ஸ்க்ரீன் மோடில் வையுங்கள். எழுத்தின் மேல் விழ வேண்டிய நிழலைத் தனியாக ஒரு லேயரில் வரைய வேண்டியிருக்கும்.

நள்ளிரவுவேலை

வந்துவிட்டது அக்கா! மரத்தைப் பூசி, கோப்பை ஓரத்தை ஒரு கோடு இழுத்து, புள்ளி வைத்து, 0.45-இல் எட்டுப் படம் எடுத்தேன். ஐந்தாவதில் கோப்பை அச்சு அசலாக உட்கார்ந்துவிட்டது. பிடி ஒன்றுதான், வெளிச்சமும் இடப்பக்கமிருந்துதான். அனுப்பிவிடலாம் என்று ஏற்றுமதி செய்து, முழுத்திரையில் ஒரு தடவை பார்த்தேன். அப்போதுதான் மேசையைக் கவனித்தேன்.

கோப்பையின் நிழல் வலப்பக்கம் நீளமாக விழுகிறது இல்லையா, அந்த நிழலில் இன்னும் பிடி இருக்கிறது. நிழலின் ஓரத்தில் ஒரு வளையம், நடுவில் வெளிச்சப் பொட்டு, அப்படியே தெளிவாக. அது மட்டுமில்லை, மேசை பளபளப்பு என்பதால் கோப்பைக்கு அடியில் தலைகீழ்ப் பிரதிபலிப்பு இருக்கிறது, அதிலும் வலப்பக்கம் பிடி தொங்குகிறது. கோப்பையில் இல்லாத பிடி நிழலிலும் மேசைக்குள்ளும் இருக்கிறது. பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

வண்ணமதி

இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். மாஸ்க் என்பது பொருளின் வெளிக்கோடு இல்லை. அந்தப் பொருள் படத்தில் எங்கெல்லாம் தடம் விட்டிருக்கிறதோ அங்கெல்லாம் மாஸ்க் போக வேண்டும். நிழல், பிரதிபலிப்பு, பக்கத்துப் பொருளில் படிந்த அதன் நிறம், எல்லாம். உங்கள் படத்தில் வெள்ளைக் கோப்பை என்பதால் புத்தக அட்டையின் ஓரத்தில் ஒரு வெளிறிய கீற்று இருக்கலாம், அதையும் பாருங்கள்.

கோப்பை நன்றாக வந்துவிட்டது என்றால் அதைத் திரும்பத் தொட வேண்டாம். இப்போது சரிசெய்த படத்தையே எடுத்து, நிழல் வளையத்தின் மேலும் தலைகீழ்ப் பிடியின் மேலும் மரத்தைப் பூசுங்கள், நிழலின் ஓரத்தை மென்மையான தூரிகையால் ஒரு நேர்கோடாக்குங்கள். அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் மாஸ்க், 0.35 அல்லது 0.4 போதும். ப்ராம்ப்டில் கோப்பை என்ற சொல்லே வேண்டாம், பளபளப்பான மர மேசை, மென்மையான நிழல் என்று எழுதுங்கள். கோப்பை என்று எழுதினால் நிழலுக்குள் இன்னொரு கோப்பை வரும். `Mask blur` 4 என்பது இவ்வளவு பெரிய படத்தில் கத்தி வெட்டு மாதிரி, பளபளப்பான மேசையில் விளிம்பு தெரியும். 12 பக்கம் வையுங்கள், அந்த அளவுக்கு மாஸ்க்கையும் கொஞ்சம் அகலமாக்குங்கள்.

முடிச்சுவலை

நான் கம்ஃபி யூஐ பயன்படுத்துகிறேன், அங்கே வேறு ஒரு சிக்கல் உண்டு, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டோமேட்டிக்1111 கடைசியில் மாஸ்க்குக்கு வெளியே உள்ள பழைய பிக்சல்களைத் திரும்ப ஒட்டிவிடுகிறது. கம்ஃபியில் நீங்களாகச் செய்யாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். படம் முழுவதும் ஒரு தடவை சுருங்கி விரிந்துதான் வெளியே வருகிறது, மாஸ்க் கோப்பை மேல் மட்டும் இருந்தாலும் முகத்தின் கண் இமையும் முடியும் லேசாக மாறியிருக்கும். ஒரு தடவை கண்ணுக்குத் தெரியாது. அந்தப் படத்தையே எடுத்து நாலைந்து தடவை திருத்தினால் தோல் மழுங்கிவிடும். ஒரு வேலையில் எனக்கு அப்படித்தான் ஆகிவிட்டது, ஆறாவது திருத்தத்தில்தான் தெரிந்தது, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். அதிலிருந்து கடைசியில் `ImageCompositeMasked` வைத்து, மூலப் படத்தின் மேல் மாஸ்க் பகுதியை மட்டும் ஒட்டித்தான் சேமிக்கிறேன்.

பிக்சல்பித்து சொன்ன "எப்போதும் 1" எங்கிருந்து வந்தது என்றும் தெரியும் என்று நினைக்கிறேன். `VAE Encode (for Inpainting)` என்ற நோடு மாஸ்க்குக்குள் இருப்பதைச் சாம்பல் நிறமாக்கிவிடும், அங்கே 1-க்குக் குறைத்தால் சாம்பல் திட்டுதான் வரும். வண்ணமதி சொன்ன மாதிரி பூசிவிட்டுக் குறைவாக ஓட்ட வேண்டும் என்றால் `Set Latent Noise Mask` பயன்படுத்த வேண்டும், அது உள்ளே இருப்பதை அழிக்காது.

பிக்சல்பித்து

ஓ, சரிதான். நான் கற்றுக்கொண்டது அந்த நோடில்தான், எல்லாவற்றுக்கும் அதுவே விதி என்று நினைத்துவிட்டேன். ஆனால் சீட் விஷயத்தில் நான் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை, சின்ன மாற்றத்துக்கு எனக்கு வேலை செய்திருக்கிறது.

நள்ளிரவுவேலை, முகம் மாறவில்லை என்று வாடிக்கையாளரிடம் எப்படிக் காட்டுவீர்கள்? கண்ணால் பார்த்துச் சொல்வதா?

முடிச்சுவலை

அதற்கு இமேஜ்மேஜிக்கில் ஒரு வரி போதும். ஒப்புதல் பெற்ற படத்தையும் திருத்திய படத்தையும் கழித்து, வித்தியாசம் உள்ள பிக்சலை எல்லாம் வெள்ளையாக்கிவிடும்.

```
magick approved.png fixed.png -compose difference -composite -threshold 0 diff.png
```

கருப்புப் பின்னணியில் கோப்பை, நிழல், பிரதிபலிப்பு, அந்தச் சின்னப் புள்ளி, இவை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் வேறெங்கும் கை படவில்லை என்று அர்த்தம். முகத்தில் மணல் தூவிய மாதிரி வெள்ளைப் பொட்டுகள் வந்தால் ஏதோ ஓரிடத்தில் முழுப் படமும் திரும்ப உருவாகியிருக்கிறது. இரண்டும் பிஎன்ஜி ஆக இருக்க வேண்டும், ஜேபெக் ஆக ஒரு தடவை சேமித்திருந்தாலும் படம் முழுக்கப் பொட்டு வரும்.

அச்சுமை

நான் அச்சு வேலை பார்ப்பவன். ஒரு கருத்து சொல்கிறேன், மாறுபட்டால் சொல்லுங்கள். இவர் பெரிதாக்கிய பிறகு திருத்துகிறார். பெரிதாக்குவதற்கு முன்னால், 1344 படத்திலேயே கோப்பையைத் திருத்தி, அப்புறம் முழுப் படத்தையும் பெரிதாக்குவதுதான் முறை. அப்போதுதான் கோப்பைக்கும் மற்றவற்றுக்கும் ஒரே கூர்மை, ஒரே துகள் இருக்கும். பெரிதாக்கிய பிறகு ஒட்டினால் அந்த இடம் மட்டும் மொழுமொழுவென்று தனியாகத் தெரியும், பெரிய அச்சில் அது கண்ணை உறுத்தும்.

வண்ணமதி

புதுப் படம் என்றால் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் இங்கே ஒப்புதல் கிடைத்தது பெரிதாக்கிய படத்துக்கு. அவர் எந்த அப்ஸ்கேலர் பயன்படுத்தினார் என்று தெரியவில்லை. டிஃப்யூஷன் வழியாகப் பெரிதாக்கியிருந்தால் உள்ளே கோப்பை மாறியதாலேயே முகத்தின் முடி ஓட்டம் கொஞ்சம் வேறாக வரலாம்.

நள்ளிரவுவேலை

டிஃப்யூஷன் வழியாகத்தான் பெரிதாக்கினேன், துண்டு துண்டாக.

அச்சுமை

அப்படியானால் சரி, திரும்பப் பெரிதாக்கக் கூடாது. ஆனாலும் சின்னப் படத்தில் திருத்திப் பெரிதாக்கி, அதிலிருந்து கோப்பைப் பகுதியை மட்டும் வெட்டி, ஒப்புதல் பெற்ற படத்தில் ஒட்டியிருக்கலாமே? துகளும் ஒத்துப்போயிருக்கும்.

வண்ணமதி

செய்யலாம். நான் செய்து பார்த்த ஓரிரு தடவை மேசையின் மரவரி ஒட்டுமிடத்தில் பொருந்தவில்லை, ஒவ்வொரு தடவை பெரிதாக்கும்போதும் வரி கொஞ்சம் நகர்கிறது. வெற்றுச் சுவர் மேல் உள்ள பொருளாக இருந்தால் உங்கள் வழி நன்றாகவே இருக்கும்.

அச்சுமை

மரவரி எனக்குத் தடையாக இருந்ததில்லை, வரியின் போக்கிலேயே வெட்டினால் தெரியாது. அடுத்த வேலையில் இரண்டு வழியிலும் செய்து இங்கே போடுகிறேன்.

தூரிகைநிழல்

இடையில் ஒரு கேள்வி. இதே முறையில் விளக்கையே மாற்ற முடியுமா? என் வேலையில் விற்கிற பொருளே தப்பாக வந்திருக்கிறது, சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

வண்ணமதி

முடியும், ஆனால் நான் அப்படிச் செய்ய மாட்டேன். துணைக்கு வைத்த கோப்பை எந்தக் கோப்பையாக இருந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. விற்கிற பொருள் படத்தில் ஒரு மாதிரியும் பெட்டிக்குள் வேறு மாதிரியும் இருந்தால் வாங்குபவரை ஏமாற்றியதாகிவிடும். அந்தப் பொருளை அதே கோணத்தில் போட்டோ எடுத்து ஒட்டிவிட்டு, அது மேசையில் தொடும் இடத்தையும் நிழலையும் மட்டும் குறைந்த டினாய்சிங்கில் ஓட்டுங்கள். பொருள் மேல் மாஸ்க் படக் கூடாது.

நள்ளிரவுவேலை

நிழலும் பிரதிபலிப்பும் சரியாகிவிட்டன. நிழலுக்கு 0.4-இல் இரண்டாவது படமே போதும் போல வந்தது. பிரதிபலிப்புக்கு மூன்று சுற்று ஆனது, ஒவ்வொரு தடவையும் பூசிய மரம் மங்கலாகத் தெரிந்தது, கடைசியில் பூசும்போதே மரவரியின் திசையிலேயே தூரிகையை இழுத்தேன், அப்புறம் பொருந்திவிட்டது. அக்கா சொன்ன வெளிறிய கீற்றும் புத்தக ஓரத்தில் இருந்தது, சுமார் 20 பிக்சல் நீளம், அதைக் கையாலேயே மங்கலாக்கிவிட்டேன்.

முடிச்சுவலை கொடுத்த கட்டளையை ஓட்டினேன். முதல் தடவை படம் முழுக்க வெள்ளைப் பொட்டு வந்தது, பயந்துவிட்டேன். பார்த்தால் நான் ஒப்பிட்டது அவர்கள் ஒப்புதலோடு திருப்பி அனுப்பிய ஜேபெக் பிரதி. என்னிடம் இருந்த மூலப் பிஎன்ஜியோடு ஒப்பிட்டதும் கருப்புத் திரையில் கோப்பை, நிழல், பிரதிபலிப்பு, கீற்று, புள்ளி மட்டும் நின்றன. முகம் இருக்கும் இடத்தில் முழுக் கருப்பு.

அச்சுமை அண்ணா சொன்ன மொழுமொழுப்பு உண்மைதான். 200 சதவீதத்தில் பார்த்தால் கோப்பையின் பக்கவாட்டில் துகளே இல்லை, சுற்றியுள்ள மரத்தில் இருக்கிறது. மாஸ்க் பகுதிக்கு மட்டும் லேசான நாய்ஸ் சேர்த்து ஒட்டினேன், சாதாரண அளவில் தெரியவில்லை. கோப்பையின் விளிம்பில் மட்டும் இன்னும் கொஞ்சம் கூர்மை அதிகமாக இருப்பது போல எனக்குத் தோன்றுகிறது, அதை மங்கலாக்கலாமா, விட்டுவிடலாமா?

அச்சுமை

எந்த அளவில் அச்சாகப் போகிறது என்று முதலில் கேளுங்கள். திரையில் மட்டும் என்றால் விட்டுவிடுங்கள். பெரிய பலகை என்றால் விளிம்பை மட்டும் அரை பிக்சல் மங்கலாக்கி, அதன் மேல் துகள் போடுங்கள், துகளுக்கு அப்புறம் மங்கலாக்கினால் துகளும் சேர்ந்து போய்விடும்.

நள்ளிரவுவேலை

கேட்டு எழுதியிருக்கிறேன் அண்ணா, இன்னும் பதில் வரவில்லை. இரண்டு பதிப்பும் செய்து வைத்துக்கொள்கிறேன்.